ஊசிக்கு ஒரு தேதி

ஜூன் மாதத் தொடக்கத்தில் திருச்சியிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, ஸ்கூல்ல தடுப்பூசி கார்டு காப்பி கேட்டாங்கன்னு கொடுத்தேன். ரெண்டு இடத்துல சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பி அனுப்பியிருக்காங்க. டாக்டரோ இப்போ போடவே கூடாதுங்கறார். பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடேன்" என்றாள். எங்கள் குடும்பத்தில் மனு, விண்ணப்பம், கடிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே போன்ற கடிதத்தை எழுத வேண்டிய வீடுகள் நிறைய இருக்கின்றன.

தங்கை மகளுக்கு ஐந்தரை வயது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலையில் இரண்டு கண் இமையும் வீங்கி எழுந்தாள். கொசுக்கடி என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் காலில் செருப்பு நுழையவில்லை. கழிப்பறையில் சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்து நின்றது. பரிசோதனையில் சிறுநீரில் புரதம் கொட்டுவது தெரிந்தது. நோயின் பெயர் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி ரத்தத்திலுள்ள புரதத்தை வெளியே விட்டுவிடுகிறது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் அங்கே நிற்க வேண்டிய நீர் சதைக்குள் இறங்குகிறது, அதனால்தான் வீக்கம். குழந்தைகளுக்கு வரும் இந்த நோயில் பெரும்பாலானவர்கள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படுவார்கள். முதல் முறை வரும்போது 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் 12 வாரம் கொடுப்பார்கள். தினமும் கொடுக்கும் அளவு, எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 16 கிலோ எடையுள்ள எங்கள் குழந்தைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல்.

அந்த மாத்திரைதான் தடுப்பூசியைத் தள்ளிவைத்தது. சிறுநீரக நோய் வந்தால் ஊசியே போடக் கூடாது என்று பள்ளி அலுவலகத்தில் புரிந்துகொண்டிருந்தார்கள். தங்கையின் மாமியாரும் அப்படித்தான் சொன்னார். அது தவறு.

தடுப்பூசிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் இருப்பது செத்த கிருமி, அல்லது கிருமியின் ஒரு துண்டு, அல்லது அது உண்டாக்கும் நச்சின் வீரியம் நீக்கிய வடிவம். அது உடம்பில் பெருகாது. இன்னொரு வகையில் இருப்பது உயிருள்ள கிருமியே. ஆய்வுக்கூடத்தில் பல தலைமுறை வளர்த்து அதன் வலுவைக் குறைத்திருப்பார்கள். அது உடம்புக்குள் கொஞ்சம் பெருகும். உடம்பு அதைக் கண்டு எதிர்ப்பாற்றலை உருவாக்கி, அதை அடக்கிவிடும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் இந்த இரண்டாம் வகை. சின்னம்மை ஊசியும் அப்படியே. வாயில் விடும் போலியோ சொட்டு மருந்தும் இதே வகைதான். ஊசி இல்லை என்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு அதிக அளவில் உள்ளே இருக்கும்போது உடம்பின் காவல் தளர்ந்திருக்கும். வலுவிழந்த கிருமியைக்கூட அடக்க முடியாமல் போகலாம். எதிர்ப்பாற்றலும் சரியாக உண்டாகாமல் ஊசி வீணாகலாம்.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு தெளிவானது. எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அல்லது மொத்தமாக நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட அளவில் பிரெட்னிசோலோனை 14 நாளோ அதற்கு மேலோ சாப்பிட்ட குழந்தைக்கு, மருந்தை நிறுத்தி 4 வாரம் ஆன பிறகுதான் உயிருள்ள கிருமி ஊசி. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரில் இழுக்கும் ஸ்டீராய்டும், தோலில் தடவும் களிம்பும் இந்தக் கணக்கில் வராது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாங்கள் காலண்டர் எதிரே உட்கார்ந்தோம். மாத்திரை தொடங்கியது மார்ச் 4. தினசரி வாரங்கள் ஏப்ரல் 14இல் முடிந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டதில் கடைசி மாத்திரை மே 26. அதிலிருந்து 4 வாரம் என்றால் ஜூன் 23. பள்ளி கேட்டதோ ஜூன் முதல் வாரத்தில். 'இன்னும் மூன்று வாரம்தானே, கடிதமே வேண்டாம், வாயால் சொல்லிவிடலாம்' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஆனால் அதற்குள் சளி பிடித்தது. இந்த நோயுள்ள குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சலைத் தொட்டு நோய் திரும்புவது சகஜம். தங்கை தினமும் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்து, பட்டையை நனைத்து, நிறம் பார்த்து நோட்டில் எழுதுவாள். மஞ்சள் அப்படியே இருந்தால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏற ஒன்று, இரண்டு, மூன்று பிளஸ். ஜூன் 4, 5, 6 மூன்று நாளும் தொடர்ந்து மூன்று பிளஸ். தொடர்ந்து மூன்று காலை அப்படி வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அன்றே மறுபடி தினசரி மாத்திரை தொடங்கியது. ஜூன் 20 அன்று, தொடர்ந்து மூன்றாவது நாளாகப் பட்டை மஞ்சளாக நின்றது. மறுநாளிலிருந்து 4 வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அது முடிவது ஜூலை 18. அதோடு 4 வாரம் கூட்டினால் ஆகஸ்ட் 15.

தேதி இரண்டு மாதம் தள்ளிப்போனது. கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுதும்போது தேதி மாறக்கூடும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மருத்துவர் முன்பு கொடுத்திருந்த சீட்டில் ஒரே வரிதான்: தடுப்பூசி தற்போது ஒத்திவைக்கப்படுகிறது. எந்த ஊசி, எதனால், எதுவரை என்று எதுவும் இல்லை. புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நிற்கும்போது அவர் அவ்வளவுதான் எழுத முடியும், அவர்மீது குறையில்லை. ஆனால் பள்ளி அலுவலகத்தில் அந்த வரி என்னவானது என்று பாருங்கள். பதிவேட்டில் குழந்தையின் பெயருக்கு எதிரே 'தடுப்பூசி போடாதவர்' என்று எழுதிவிட்டார்கள். குழந்தைக்கு 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இரண்டு தவணையும் போட்டிருக்கிறது. பிறந்த அன்று போடும் பிசிஜியிலிருந்து எதுவும் விடுபடவில்லை. அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் மறைந்துபோயின. தடுப்பூசியே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் பெற்றோர் வரிசையில் என் தங்கையும் சேர்ந்துவிட்டாள்.

பள்ளியையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வரும் சாக்குகள் அப்படி. சளி பிடித்திருந்தது, அதனால் போடவில்லை என்பார்கள். லேசான சளிக்கும், லேசான காய்ச்சலுக்கும், ஆன்டிபயாடிக் சாப்பிடுவதற்கும் தடுப்பூசியைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் எம்எம்ஆர் போடலாம். இந்தச் சாக்குகளுக்கு நடுவே உண்மையான மருத்துவக் காரணம் வந்தால் அதைத் தனியே இனம் காண ஒரு பள்ளி முதல்வருக்கு என்ன வழி இருக்கிறது? ஊசியின் பெயரும், காரணமும், தேதியும் உள்ள ஒரு தாள்தான் வழி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவைத்த பெற்றோர் எத்தனையோ பேர். அந்த நினைவு தலைமை ஆசிரியர்களுக்கு இன்னும் இருக்கிறது. 'இப்போது வேண்டாம்' என்ற சொல்லை அவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

பள்ளி சுழித்த இரண்டு இடங்கள் எவை என்று பார்த்தேன். ஒன்று 4 முதல் 6 வயதுக்குள் குழந்தை மருத்துவர்கள் போடச் சொல்லும் எம்எம்ஆர் தவணை. மற்றது சின்னம்மை ஊசி. இரண்டும் அரசு அட்டவணையில் இந்த வயதுக்கு இல்லாதவை. தனியார் மருத்துவர்களின் அட்டவணையில் இருப்பவை. அந்தப் பள்ளி அச்சடித்து வைத்திருந்த படிவம் அந்த அட்டவணையைப் பின்பற்றியது. மூன்றாவதாக ஒரு கட்டமும் காலியாக இருந்தது. 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பூசி, அதாவது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னிக்கான ஊசியின் இரண்டாவது ஊக்கத் தவணை. இது அரசு அட்டவணையிலேயே இருக்கிறது. இதில் உயிருள்ள கிருமி இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்கும் போடலாம். மருத்துவரிடம் மறுபடி போய்க் கேட்டோம். சிறுநீரில் புரதம் நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஒத்திவைப்பு என்ற பெயரில், போட வேண்டிய ஊசியும் சேர்ந்து நின்றுபோயிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. இந்த வகைக் கடிதத்தில் தள்ளிவைக்காத ஊசிகளையும் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருந்தால் இது இன்னும் முக்கியம். 10 வயதில் போடும் டிடி ஊசியை ஊழியர்கள் பல இடங்களில் பள்ளிக்கே வந்து போடுகிறார்கள். அதுவும் உயிருள்ள கிருமி இல்லாத ஊசிதான். பதிவேட்டில் வெறுமனே 'ஊசி வேண்டாம்' என்று இருந்தால் பிள்ளையை வரிசையிலிருந்து விலக்கி உட்கார வைத்துவிடுவார்கள்.

கடிதத்தில் நோயின் பெயரை எழுதலாமா என்று வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு. மாப்பிள்ளை எழுத வேண்டாம் என்றார். பெண் குழந்தை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது அவர் கவலை. நான் வேறு காரணத்துக்காக அவர் பக்கம் சேர்ந்தேன். ஊசியைத் தள்ளிவைத்தது மருந்து. முதல்வர் தெரிந்துகொள்ள வேண்டியதும் அந்த மருந்தைப் பற்றித்தான். எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான் பள்ளியில் காய்ச்சல் வந்தால் சாயங்காலம்வரை காத்திருக்காமல் கூப்பிடுவார்கள். நோயின் பெயர் அதற்குத் தேவையில்லை. ஆய்வு அறிக்கைகளையும் இணைக்கவில்லை. அலுவலக மேசையில் கிடக்கும் தாள் யார் கண்ணில் படும், யார் போனில் படமாகும் என்று சொல்ல முடியாது. மருத்துவரிடம் கேட்டுப் புதிதாக ஒரு சான்று வாங்கினோம். ஊசிகளின் பெயர், காரணம், எந்தத் தேதிவரை என்ற மூன்றும் அதில் இருந்தன. நாங்கள் முதலிலேயே எழுதிக் கொண்டுபோய்க் காட்டியதால் அவர் படித்துப் பார்த்து, தன் தாளில் எழுதி, பதிவு எண்ணோடு முத்திரை வைத்துக் கொடுக்க ஐந்து நிமிடம்தான் ஆனது.

முத்தடுப்பூசி போட்ட பிறகு, ஜூன் மாதம் முடியும் முன்பு, தங்கை கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"பெறுநர்: முதல்வர் அவர்கள்.

பொருள்: யுகேஜி மாணவியின் இரண்டு தடுப்பூசிகள் மருத்துவக் காரணத்தால் ஆகஸ்ட் 15 வரை ஒத்திவைப்பு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

என் மகள் தங்கள் பள்ளியில் யுகேஜி படிக்கிறாள். அவளுடைய தடுப்பூசி அட்டையில் எம்எம்ஆர், சின்னம்மை ஆகிய இரண்டு ஊசிகள் போடப்படவில்லை என்று தாங்கள் குறித்து அனுப்பியிருந்தீர்கள்.

மருத்துவர் ஆலோசனைப்படி அவள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். இந்த மாத்திரை எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்பதால், உயிருள்ள கிருமியைக் கொண்ட மேற்கண்ட இரண்டு ஊசிகளையும் மாத்திரை நிறுத்தி 4 வாரம் கழித்தே போட வேண்டும். மாத்திரை ஜூலை 18 அன்று முடிகிறது. ஆகவே ஆகஸ்ட் 15க்குப் பிறகு இரண்டையும் போட்டு, அட்டையின் நகலைத் தங்களிடம் தருவேன். இடையில் மாத்திரையைத் தொடர நேர்ந்தால் இந்தத் தேதி தள்ளிப்போகும். அப்படியானால் புதிய தேதியுடன் மருத்துவரின் புதிய சான்றைத் தருவேன்.

மற்ற ஊசிகளுக்கு இந்த ஒத்திவைப்பு பொருந்தாது. தட்டம்மை, ரூபெல்லா ஊசி இரண்டு தவணை முன்பே போடப்பட்டுள்ளது. முத்தடுப்பூசி ஊக்கத் தவணை இந்த வாரம் போடப்பட்டது. இரண்டும் அட்டையில் உள்ளன.

தங்களிடம் மூன்று உதவி கேட்கிறேன். அவள் வகுப்பிலோ, அவள் செல்லும் வேனிலோ யாருக்காவது சின்னம்மை அல்லது தட்டம்மை என்று தெரிந்தால் அன்றே எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையின் பெயர் எனக்குத் தேவையில்லை. என் மகளுக்குப் பள்ளியில் காய்ச்சல் கண்டால் உடனே அழையுங்கள். இந்தக் கடிதத்தைத் தாங்களும் வகுப்பு ஆசிரியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு: மருத்துவரின் சான்று, தடுப்பூசி அட்டையின் நகல்.

இப்படிக்கு, தாயார்."

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. முதல் வரைவு இரண்டரைப் பக்கம் இருந்தது. நோய் எப்படி வந்தது, எந்தெந்த மருத்துவமனைக்கு அலைந்தோம் என்று நான் எழுதியதையெல்லாம் தங்கையே அடித்துவிட்டாள். "அண்ணா, அவங்க ரெஜிஸ்டர்ல எழுதறதுக்கு என்ன வேணுமோ அது மட்டும் இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. பொருள் வரியிலேயே ஊசி எத்தனை, எதுவரை என்று இருந்ததால் அலுவலகத்தில் அந்த வரியைத்தான் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். 'போடாதவர்' என்பது 'ஆகஸ்ட் 15 வரை' என்று மாறியது.

மூன்று உதவிகளில் முதலாவதைக் கேட்க மாப்பிள்ளை தயங்கினார். அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமோ என்று நினைத்தார். உண்மையில் முழுக் கடிதத்திலும் குழந்தைக்கு மிகவும் வேண்டியிருந்தது அந்த வரிதான். சாதாரணக் குழந்தைக்குச் சின்னம்மை ஒரு வாரக் கொப்புளம், அரிப்பு. அதிக அளவு ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்கு அது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதே நேரம், நோயுள்ளவரோடு பழகிய நாள் உடனே தெரிந்தால் தடுக்க வழி உண்டு. சின்னம்மைக்கான எதிர்ப்புப் புரத ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. 10 நாளுக்குள் போட்டாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் அசைக்ளோவிர் என்ற மருந்தைப் பழகிய ஏழாம் நாளிலிருந்து ஒரு வாரம் கொடுப்பார்கள். இரண்டுக்கும் முதல் தேவை, அந்த நாள் எது என்பது தெரிவது.

நம் ஊரில் அந்த நாள் வெளியே தெரிவதே இல்லை. அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்று நோயின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வெளியே வராது. பிள்ளையைத் தனியே வைப்பது நல்ல பழக்கம். ஆனால் பள்ளிக்குப் போகும் செய்தி, ஊருக்குப் போயிருக்கிறான் என்றோ காய்ச்சல் என்றோதான் இருக்கும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே நோய் தொற்றும் என்பதால், வேப்பிலை செருகும் நேரத்துக்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தொற்றியிருக்கும். அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அதற்குள் தடுக்கும் வாய்ப்புக் கைநழுவிவிடும்.

ஜூலை 8, திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு வகுப்பு ஆசிரியை தங்கைக்குப் போன் செய்தார். "காலையில வந்த ஒரு பையனுக்கு முதுகுல நாலஞ்சு கொப்புளம் இருக்கும்மா, வீட்டுக்கு அனுப்பிட்டோம். நீங்க சொல்லியிருந்தீங்களே, அதான் கூப்பிட்டேன்" என்றார். அன்று மாலையே மருத்துவரைப் பார்த்தார்கள். எதிர்ப்புப் புரத ஊசி ஊரில் விசாரித்த கடைகளில் இல்லை. குழந்தை அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரையில் இருந்தாள். மருத்துவர் அசைக்ளோவிர் போதும் என்று முடிவு செய்தார். ஜூலை 15 அன்று தொடங்கி 21 வரை கொடுத்தார்கள். ஸ்டீராய்டைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். பயத்தில் பலர் அப்படி நிறுத்திவிடுகிறார்கள். அது தனி ஆபத்து. 29ஆம் தேதி வரை தினமும் சட்டையைக் கழற்றி முதுகு, வயிறு, தலைமுடிக்கு அடியில் என்று பார்த்தாள் தங்கை. ஒரு கொப்புளமும் வரவில்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எதிர்ப்புப் புரத ஊசி கிடைத்து அதைப் போட்டிருந்தால் எங்கள் ஆகஸ்ட் 15 மறுபடி தள்ளிப்போயிருக்கும். வெளியிலிருந்து கொடுத்த அந்தப் புரதமே தடுப்பூசியின் கிருமியை வளரவிடாமல் செய்துவிடும் என்பதால் 5 மாதம் காத்திருக்க வேண்டும். அப்படி ஆகியிருந்தால் பள்ளிக்கு இன்னொரு கடிதம் போயிருக்கும். கடிதத்தில் தேதி தள்ளிப்போகலாம் என்று முதலிலேயே எழுதி வைத்ததால் அது புதுச் சாக்காகத் தெரிந்திருக்காது.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருந்தது. குழந்தைக்கு மூன்று வயதில் ஒரு தம்பி. அவனுக்குச் சின்னம்மை ஊசியை உடனே போடச் சொன்னார் மருத்துவர். அவளுக்குப் போட முடியாதபோது அவளைச் சுற்றி இருப்பவர்களுக்குப் போடுவதுதான் காவல். சொட்டு மருந்து விஷயத்தில் மட்டும் மாற்றம்: அக்கா ஸ்டீராய்டில் இருக்கும்வரை தம்பிக்கு வாய்வழிப் போலியோ வேண்டாம், ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சொட்டு மருந்தின் கிருமி மலத்தில் வெளியேறும் என்பதே காரணம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் கணக்கு இவ்வளவு சுலபமாக முடியாது. இந்த நோய் சிலருக்கு வருடத்தில் நாலைந்து முறை திரும்பும். மாத்திரை இல்லாத 4 வாரமே அவர்களுக்குக் கிடைக்காது. தேதியைத் தள்ளித் தள்ளி இரண்டு வருடம் ஓடிவிட்ட வீடுகள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் சிறுநீரக மருத்துவரிடமே நேராகக் கேட்க வேண்டும். மாத்திரையின் அளவு நன்றாகக் குறைந்திருக்கும் கட்டத்தில், தொற்றும் ஆபத்து எவ்வளவு என்று பார்த்து ஊசி போடலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய முடியும். பள்ளிக்கு அவர்கள் தரும் கடிதத்தில் ஊசி போடும் தேதி இருக்காது. 'மறுபரிசீலனை செய்யும் தேதி' என்று ஒன்று இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால்கூடப் போதும். தேதியே இல்லாத கடிதம் மட்டும் வேண்டாம்.

ஆகஸ்ட் 16 காலையில் குழந்தைக்கு எம்எம்ஆர் ஒரு கையிலும் சின்னம்மை ஊசி மறு கையிலுமாக ஒரே நாளில் போட்டார்கள். உயிருள்ள கிருமி ஊசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் நடுவில் 4 வாரம் இடைவெளி விட வேண்டும். சின்னம்மை ஊசிக்கு இரண்டாவது தவணை பாக்கி இருக்கிறது. அதற்கான தேதியை மருத்துவர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அடுத்த இரண்டு வாரமும் தங்கை காலையில் பட்டையை நனைத்துப் பார்த்தாள், மஞ்சள் மாறவில்லை.

அன்று பிற்பகலே முதல்வருக்கு இரண்டாவது கடிதம் போனது. அதில் இரண்டே வரி. 'ஜூன் மாதக் கடிதத்தில் ஒத்திவைத்திருந்த இரண்டு ஊசிகளும் இன்று போடப்பட்டன. அட்டையின் நகலை இணைத்துள்ளேன். பதிவேட்டில் திருத்திக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.'